இரண்டு கோல் பின்தங்கிய அணியிடம் இடைவேளையில் செய்யக் கூடாதவை

சென்னையில் மாலை மூன்றரை மணிக்கு ஒரு பள்ளிக் கால்பந்து ஆட்டம், 0-2 என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி இடைவேளை 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது; பள்ளிப் போட்டிகளில் பத்து கிடைத்தாலே பெரிது. அதனால் விசில் ஊதியவுடன் பயிற்சியாளர்கள் பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். இந்தப் புழுக்கத்தில் மூச்சிரைக்க வந்தவன் காதில் உடனே எதுவும் ஏறாது. இரண்டு நிமிடம் தண்ணீர் குடிக்கட்டும், உட்காரட்டும். நிழல் இல்லையென்றால் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டியவர் பயிற்சியாளர்; கண் கூசும் பையன் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

அந்த இரண்டு நிமிடத்தில், கோலை யார் விட்டார் என்று யோசிக்காதீர்கள், எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். பள்ளி அணிகளில் அடிக்கடி நடப்பது இது: வலது பேக் உற்சாகமாக மேலே ஏறுகிறான், நடுவில் பந்து பறிபோகிறது, எதிரணியின் இடது விங் அந்தக் காலியிடத்தில் ஓடுகிறான். அவனைத் தடுக்க சென்டர் பேக் ஓரத்துக்கு ஓட, கோல் முன்னால் நடு காலியாகிறது. கிராஸ், கோல். பார்ப்பவர் கண்ணுக்குக் கோல்கீப்பர்தான் குற்றவாளி. எல்லார் முன்னிலும் அவனைத் திட்டினால், அடுத்த கிராஸுக்கு அவன் கோல் கோட்டைத் தாண்டி வெளியே வரவே பயப்படுவான். மூன்றாவது கோலுக்கு அதுவே வழி.

திருத்தம் ஒரே வரி: "வலது பேக் மேலே போனால், வலது மிட்ஃபீல்டர் அவன் இடத்தில் நிற்க வேண்டும்." மூன்று தண்ணீர் பாட்டில்களைத் தரையில் வைத்து நகர்த்திக் காட்டுங்கள். பிறகு அந்த இருவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கூடவே கார்னர், த்ரோ, ஆஃப்சைடு என்று அடுக்கினால் இதுவும் மறந்துபோகும்.

"எல்லோரும் மேலே போங்கடா!" என்பதுதான் எனக்குப் பிடிக்காத கட்டளை. 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மிலனிடம் லிவர்பூல் இடைவேளையில் 0-3 எனப் பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் பெனிடெஸ் அப்போது இறக்கியது ஸ்ட்ரைக்கரை அல்ல, தடுத்தாடும் மிட்ஃபீல்டர் ஹாமானை. நடுக்களம் கைக்கு வந்தது. 54 முதல் 60-ஆம் நிமிடத்துக்குள் மூன்று கோல் விழுந்தன. பள்ளிப் பையன்கள் லிவர்பூல் அல்லதான். ஆனாலும் முதல் கோலுக்கு மட்டும் ஆடுங்கள் என்று சொல்வது அவர்களுக்கும் புரியும்.

கடைசிப் பத்து நிமிடம் வரை கோல் விழவில்லையென்றால் எந்த டிஃபென்டர் முன்னே போவான் என்பதையும் களமிறங்கும் முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். அப்போது கோட்டோரத்தில் நின்று நீங்கள் கத்த வேண்டியிருக்காது. கையைக் காட்டினால் போதும்.