முத்திரைச் சேகரிப்புக்குக் காப்புறுதி: பழைய பற்றுச்சீட்டை நம்பும் தவறு

வீட்டுக்குக் காப்புறுதி செய்திருக்கிறோம், ஆகவே அலுமாரியில் இருக்கும் முத்திரை ஆல்பங்களும் அதற்குள் அடங்கும் என்று நினைப்பதே முதல் தவறு. வழக்கமான தீக் காப்புறுதி ஒப்பந்தங்களில் முத்திரை, நாணயம், கையெழுத்துப் பிரதி போன்றவை பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டால் மட்டுமே அடங்கும். திருகோணமலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புயல், வெள்ளம், சுனாமி ஆகியவை பெரும்பாலும் தனியே கேட்டுச் சேர்க்கவேண்டிய பாதுகாப்புகள். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஐக் கண்ட கரையோரத்தில் அவற்றை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

ஆனாலும் அதிகப் பணத்தை இழக்க வைப்பது மதிப்பீட்டில் வரும் தவறுதான். உவர்மலையில் ஒருவர் 2019 இல் வாங்கிய முத்திரைகளின் பற்றுச்சீட்டுகளைக் கூட்டி, 6 இலட்சம் ரூபாய்க்குக் காப்புறுதி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு டொலர் ஏறத்தாழ 180 ரூபாய். 2024 இல் அது ஏறத்தாழ 300 ரூபாய். நல்ல பழைய இலங்கை முத்திரைகள் பெரும்பாலும் வெளிநாட்டு ஏலங்களில் விலைபோகின்றன. அங்கே விலை ஒரு சதமும் உயராவிட்டால்கூட, அதே சேகரிப்பைத் திரும்ப வாங்க அந்த விகிதத்தில் 10 இலட்சம் வேண்டும்.

அவர் புயல் பாதுகாப்பையும் கேட்டுச் சேர்த்திருக்கிறார். மாரிகாலப் புயலில் கூரை பிய்ந்து, இன்றைய விலையில் 3 இலட்சம் பெறுமதியான ஓர் ஆல்பம் நனைந்துவிடுகிறது. காப்புறுதித் தொகை 6 இலட்சம், இழப்பு 3 இலட்சம்தானே, முழுவதும் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்ப்பார். கிடைக்காது. குறைவாகக் காப்புறுதி செய்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கும். 10 இல் 6 பங்குக்கே காப்புறுதி என்பதால், 3 இலட்சத்திலும் 6 பங்கே, அதாவது 1,80,000 ரூபாயே கைக்கு வரும். மீதி 1,20,000 ரூபாய் அவர் தலையில். பற்றுச்சீட்டு உரிமையைக் காட்டும் சான்று. இன்றைய விலைக்கு அது சான்றாகாது.

இதற்கு மாறாக, லண்டன் முத்திரை வியாபார நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸ் வெளியிடும் விலைப்பட்டியலை அப்படியே கூட்டுபவர்களும் உண்டு. அந்த விலை, நல்ல நிலையில் உள்ள முத்திரையை அந்த நிறுவனம் விற்கும் விலை. மூலை மடிந்த, பழுப்புப் புள்ளி விழுந்த முத்திரைக்கு அது பொருந்தாது. கூடுதலாகக் கட்டணம் செலுத்தினாலும், தொகை முன்கூட்டியே உடன்பட்ட பெறுமதியாக எழுதப்படாதவரை, இழப்பு நேர்ந்த நாளின் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள். சேகரிப்பை வாங்க ஆசைப்படும் வியாபாரியிடம் மதிப்பீடு கேட்பதும் சரியல்ல. அவருக்குக் குறைத்துச் சொல்வதே இலாபம். பெயர், திகதி, எந்த நிலையை வைத்து எந்த விலையைக் குறித்தார் என்ற விபரம் ஆகியவற்றுடன் எழுத்தில் தருபவரை நாடுங்கள். ரூபாயின் மதிப்பு பெரிதாக மாறும்போதெல்லாம் மதிப்பீட்டைப் புதுப்பியுங்கள்.

காப்புறுதிச் சான்றுக்காக எடுக்கும் புகைப்படத்தில் நடக்கும் தவறு நுட்பமானது. பக்கம் முழுவதையும் ஒரே படமாக எடுத்தால் முத்திரை இருந்தது தெரியும், அதன் தரம் தெரியாது. 1859 இல் வெளியான நான்கு பென்ஸ் மங்கிய ரோஜா நிற முத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை முத்திரைகளில் மிகவும் புகழ்பெற்றது இதுதான். அதன் படம் எண்கோண வடிவம், விளிம்பில் துளைகள் கிடையாது. படத்தைச் சுற்றி நான்கு மூலைகளோடு வெட்டப்பட்டதே முழு முத்திரை. அக்காலத்தில் பலர் இவ்வகை முத்திரைகளை எண்கோணத்தை ஒட்டியே வெட்டிவிட்டார்கள். அப்படி வெட்டியதன் விலை மிகக் குறைவு. அதற்கு மூலைகளை ஒட்டி முழு முத்திரையாக விற்கும் மோசடியும் உண்டு. ஆகவே கறுப்புத் தாளின் மேல் வைத்து நான்கு ஓரங்களும் தெரிய ஒரு படம், பின்புறம் ஒரு படம், நீர்க்குறி தெரிய வெளிச்சத்துக்கு எதிரே ஒரு படம் என மூன்றும் வேண்டும். இந்த அளவு விலையுள்ள முத்திரைக்கு லண்டன் ரோயல் பிலாடெலிக் சங்கத்தின் நிபுணர் குழு போன்றவை வழங்கும் சான்றிதழும் அவசியம் என்பது என் கருத்து.

எல்லா முத்திரைக்கும் இவ்வளவு தேவையில்லை. காப்புறுதிக்கான பட்டியலில் மலிவானவற்றை ஆல்பம் வாரியாக ஒரே வரியில் எழுதினால் போதும். விலை கூடியவற்றுக்கு மட்டும் தனி வரி: வெளியான ஆண்டு, முகப்பெறுமதி, நிறம், விலைப்பட்டியல் எண், நிலை, வாங்கிய திகதி, விலை, இன்றைய மதிப்பு, படத்தின் எண். குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். பின்பக்கம் மெலிந்திருப்பதைப் பட்டியலில் சொல்லாமல் விட்டு, பரிசோதகர் படத்தில் கண்டுபிடித்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்.

கடைகளில் தரும் வெப்ப அச்சுப் பற்றுச்சீட்டு நம் ஊர் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படமெடுங்கள். பட்டியலை ஆல்பத்துக்குள் செருகி வைக்காதீர்கள். நனைந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு பிரதி மின்னஞ்சலிலும், இன்னொன்று கடலுக்குத் தொலைவில் உள்ள உறவினர் வீட்டிலும், மூன்றாவது காப்புறுதி நிறுவனத்திலும் இருக்கட்டும். நிறுவனம் அதைப் பெற்றுக்கொண்டதாகத் திகதியிட்ட ஒப்புதலையும் கேட்டு வாங்குங்கள். ஈரக்காற்றில் மெல்ல மெல்லப் பூஞ்சணம் பிடிப்பதற்கும் பூச்சி அரிப்பதற்கும் பொதுவாக எந்த ஒப்பந்தமும் இழப்பீடு தராது. அந்தச் சேதத்தைத் தடுக்கக் காற்றுப் புகாத பெட்டியும், நிறம் மாறியதும் மாற்றப்படும் சிலிக்கா ஜெல் பைகளும் வேண்டும்.