வரி இன்வொய்ஸில் பெயரும் விலாசமும் பிழையா? திருத்தித் தரக் கேட்கும்போது விடும் தவறுகள்

கிளிநொச்சியில் கண்டி வீதியில் உள்ள ஒரு ஹார்ட்வெயார் கம்பனி, கொழும்பு பழைய சோனகர் தெருவில் இருந்து 8,40,000 ரூபாவுக்குச் சாமான் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 வீத வற் 1,51,200 ரூபா. ஆக மொத்தம் 9,91,200. லொறியில் வந்த வரி இன்வொய்ஸில் கம்பனியின் பெயர் இல்லை, முதலாளியின் சொந்தப் பெயர் இருக்கிறது. விலாசமும் கடை முன்பு இருந்த பரந்தன் விலாசம். இதைத் திருத்தாமல் விட்டால், அந்த 1,51,200 ரூபாவைக் கம்பனி தன் உள்ளீட்டு வரியாகக் கழிக்கப் போகும் இடத்தில் கேள்வி எழும். சட்டப்படி கம்பனி வேறு, முதலாளி வேறு.

வழக்கமாகப் போகும் செய்தி இப்படி இருக்கும்:

“ஐயா, உங்கட பில்லில எங்கட பெயரும் விலாசமும் பிழை. உடன மாத்தி அனுப்புங்கோ. அவசரம்.”

இதைப் பார்க்கும் கணக்குப் பகுதிப் பிள்ளைக்கு எந்த இன்வொய்ஸ் என்பது தெரியாது. எது பிழை, எது சரி என்பதும் தெரியாது. அவர் திருப்பிக் கேட்பார், நீங்கள் பதில் போடுவீர்கள், அதற்குள் வற் அறிக்கை அனுப்பும் நாள் வந்துவிடும். “அவசரம்” என்று எழுதுவதை விட, எந்தத் திகதிக்கு முன் வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதினால் வேலை நடக்கும்.

அதைவிடப் பெரிய தவறு, சரியான பெயரைக் கடைப் பலகையைப் பார்த்து எழுதுவது. பலகையில் இருப்பது வியாபாரப் பெயர். இன்வொய்ஸில் வரவேண்டியது வற் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர், “(பிரைவேட்) லிமிடெட்” உட்பட, எழுத்துக்கு எழுத்து. இன்வொய்ஸ் ஆங்கிலத்தில் அச்சாகும் என்றால் அந்த ஆங்கில எழுத்துக் கூட்டலையே கொடுங்கள். தமிழில் எழுதி அனுப்பினால் அவர்கள் தாங்களாக ஒரு கூட்டல் போடுவார்கள், மீண்டும் பிழை வரும். பதிவு இலக்கத்தையும், கடைசியில் வரும் -7000 உட்பட, சான்றிதழில் இருந்தே எடுங்கள். கடை இடம் மாறியும் பதிவில் பழைய விலாசமே இருந்தால், முதலில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் அதை மாற்ற வேண்டும். அந்த வேலை வழங்குநருடையது அல்ல.

முதலாளி பெயரில் இருந்து கம்பனி பெயருக்கு மாற்றுவது எழுத்துப் பிழை திருத்துவது போன்றதல்ல. வாங்கியவரே மாறுகிறார். அதனால் வழங்குநர் தயங்குவது நியாயம். கம்பனி பெயரில் கொடுத்த ஓடரின் பிரதி, கம்பனி வங்கிக் கணக்கில் இருந்து பணம் போன சிட்டை, வற் சான்றிதழின் பிரதி ஆகிய மூன்றையும் இணைத்தால் தயக்கம் நீங்கும். சாமான் உண்மையில் முதலாளியின் சொந்த வீட்டு வேலைக்கு வாங்கியது என்றால் இந்தத் திருத்தத்தைக் கேட்கவே கூடாது.

சரி செய்த கடிதம் இவ்வளவுதான்:

“கணக்குப் பகுதிக்கு,
12.08.2025 திகதிய 2417ஆம் இலக்க வரி இன்வொய்ஸ் (மொத்தம் ரூ. 9,91,200) பற்றியது. வாங்கியவர் பெயரும் விலாசமும் கீழ்க்கண்டவாறு மாற வேண்டும்.
இப்போது உள்ளது: (அப்படியே)
வர வேண்டியது: (பெயர், விலாசம், வற் இலக்கம்)
சாமான், அளவு, விலை, வரி, விநியோகத் திகதி எதிலும் மாற்றம் இல்லை. இந்த இன்வொய்ஸை இன்னும் வரிக் கழிவுக்குப் பயன்படுத்தவில்லை. மூலப் பிரதியைத் திருப்பி அனுப்புகிறோம். பழையதை இரத்துச் செய்து, அதன் இலக்கத்தைக் குறிப்பிட்டுப் புதியதைத் தாருங்கள். உங்கள் பதிவேட்டிலும் எங்கள் விபரத்தை மாற்றிவிடுங்கள். வற் அறிக்கைக்காக 10.10.2025க்கு முன் தேவை. சான்றிதழ், ஓடர், வங்கிச் சிட்டை இணைப்பில்.”

“வேறு மாற்றம் இல்லை” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்ததும், விலையிலோ திகதியிலோ கை வைக்கக் கேட்கிறார்களோ என்ற சந்தேகம் அவர்களுக்குப் போய்விடும். பழைய இலக்கத்தில் ஏற்கனவே வரி கழித்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, உங்கள் கணக்காளரிடமும் சொல்லுங்கள்.

சேல்ஸ் ரெப்புக்கு வாட்ஸ்அப் போட்டுவிட்டு இருப்பதும், லொறி றைவரிடம் பேனையால் வெட்டி எழுதுவித்துக் கையொப்பம் வாங்குவதும் பயன் தராது. வழங்குநரின் பதிவில் பழைய பெயரே இருக்கும். அவர்கள் திணைக்களத்துக்குக் கொடுக்கும் விற்பனை அட்டவணையும் உங்கள் கொள்வனவு அட்டவணையும் பொருந்தாமல் போகும்.

சில வழங்குநர்கள் பழையதற்குக் கிரெடிட் நோட் போட்டுவிட்டுப் புது இன்வொய்ஸ் தருவார்கள். அப்போது மூன்று தாள்களையும் ஒன்றாகக் கோவையில் வையுங்கள், வரியைப் புதியதில் மட்டும் ஒருமுறை கழியுங்கள். புதியது கைக்கு வந்ததும் பெயர், விலாசம், வற் இலக்கத்தைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். “வரி இன்வொய்ஸ்” என்ற தலைப்பும் தொடர் இலக்கமும் விநியோகத் திகதியும் இருக்கின்றனவா, 1,51,200 மாறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே அட்டவணையில் ஏற்றுங்கள்.