ரசீதில் எழுத்தும் எண்ணும் ஒத்துப்போகிறதா? சரிபார்க்கும் முறை

பினாங்கில் எங்கள் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குப் பணம் கொடுப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் ரசீது அனுப்புகிறோம். அதில் தொகை மூன்று முறை வரும்: வழக்கமான எண்ணில், எழுத்தில், தமிழ் எண்ணில். தமிழ் எண் இருக்க வேண்டும் என்பது குழுவில் உள்ள பெரியவர்களின் ஆசை, எனக்கும் அது பிடிக்கும். பாயான் லெப்பாஸில் ஓர் ஆலையில் வேலை செய்பவர்கள் சேர்த்து அனுப்பிய பணத்துக்கு நான் அனுப்பிய ரசீது இது:

தொகை: ரி.ம. 1,905.90
எழுத்தில்: ஆயிரத்துத் தொண்ணூற்று ஐந்து வெள்ளி ஒன்பது சென்
தமிழ் எண்ணில்: க௯௦௫.௯௦

பணத்தைத் திரட்டிய அக்கா உடனே அழைத்துவிட்டார். "தம்பி, எண்ணில் சரியாத்தான் இருக்கு. எழுத்தில் எண்ணூற்றுப் பத்து வெள்ளி குறையுதே, நான் இங்கே எல்லாருக்கும் எப்படிக் காட்டுறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அந்த ரசீதில் மூன்று பிழைகள் இருந்தன. அவற்றைப் பிடிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: வங்கிச் சீட்டைத் திறந்து வையுங்கள். ரசீதுக்குள்ளேயே ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள், எல்லாமே சேர்ந்து தவறாக இருக்கலாம். பணம் வந்த சீட்டில் உள்ள எண்தான் அளவுகோல். அதை ஒரு தாளில் எழுதுங்கள்.

படி 2: எழுத்தில் உள்ளதை மட்டும் பார்த்து எண்ணாக மாற்றுங்கள். அப்போது மேலே உள்ள எண்ணைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்த எண்ணைக் கண் பார்த்துவிட்டால், எழுத்தில் இருப்பதை நாம் படிப்பதில்லை, ஊகித்துவிடுகிறோம். தாளில் ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று நான்கு கட்டங்கள் போட்டு, சொல்லுக்குச் சொல் நிரப்புங்கள்.

அதிகம் தடுக்கி விழும் இடம் ஒன்பதுதான். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் 'நூறு' கேட்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரம் என்பதில் 'ஆயிரம்' கேட்கிறது, ஆனால் அது 900. உண்மையான 9,000 என்பது ஒன்பதாயிரம். என் ரசீதில் 'தொள்ளாயிரத்து' வரவேண்டிய இடத்தில் 'தொண்ணூற்று' வந்ததால் 1,905 என்பது 1,095 ஆகிவிட்டது. கட்டம் போட்டிருந்தால் நூறின் கட்டம் காலியாக நின்று காட்டிக்கொடுத்திருக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. 'நூற்று', 'ஆயிரத்து' என்று முடிந்தால் பின்னால் இன்னும் ஏதோ வரவேண்டும் என்று பொருள். 'இருநூற்று வெள்ளி' என்று கண்டால், நடுவில் ஒரு சொல் விழுந்திருக்கிறது அல்லது 'இருநூறு' என்பது பிழையாகிவிட்டது.

படி 3: சென் தொகையைத் தனியாகப் பாருங்கள். .90 என்பது தொண்ணூறு சென், .09 தான் ஒன்பது சென். கணக்குத்தாளில் 1905.9 என்று ஒரே இலக்கமாகத் தெரிந்தால் 'ஒன்பது' என்று எழுதிவிடத் தோன்றும், நான் அப்படித்தான் எழுதினேன். புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கங்கள் இருக்கட்டும்.

படி 4: தமிழ் எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ௧ பார்க்கக் க போலவே இருக்கும், ௨ உ போல, ௭ எ போல, ௮ அ போல. விசைப்பலகையில் தமிழ் எண்ணைத் தேடிப் பிடிப்பதற்குப் பதில் எழுத்தைத் தட்டிவிடுகிறோம். படிப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் பிறகு தொகையைத் தேடினால் அது கிடைக்காது. வரியை உலாவியில் திறந்து 'க' என்று தேடுங்கள். எண் இருக்கும் இடத்தில் வண்ணம் விழுந்தால் அது எழுத்து. பைதான் இருந்தால் இன்னும் எளிது:

```python
float("௧௯௦௫.௯௦")  # 1905.9
float("க௯௦௫.௯௦")  # ValueError
```

முதல் வரி தொகையைத் தருகிறது. இரண்டாவதில் க எழுத்து என்பதால் பிழை வருகிறது.

பழைய முறையில் 1,905 என்பதை ௲௯௱௫ என்று எழுதுவார்கள்: ஆயிரம், ஒன்பது நூறு, ஐந்து. அதில் சுழியத்துக்கு இடமில்லை. இரண்டு முறைகளையும் ஒரே ரசீதில் கலக்காதீர்கள். சென் வரும் தொகைக்கு ௧௯௦௫.௯௦ என்று இடமதிப்பில் எழுதுவதே வசதி. ௰, ௱, ௲ ஆகியவை மேலே உள்ள பைதான் சோதனையிலும் தேறாது.

படி 5: திருத்தி அனுப்புங்கள். அனுப்பி 15 நிமிடத்துக்குள் என்றால் வாட்ஸ்அப்பில் அதே செய்தியைத் திருத்தலாம். அதற்குப் பிறகு என்றால், அதே ரசீது எண்ணோடு 'திருத்தப்பட்டது' என்று சேர்த்துப் புதிதாக அனுப்புங்கள். அக்காவுக்கு நான் அனுப்பியது:

தொகை: ரி.ம. 1,905.90
எழுத்தில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து வெள்ளி தொண்ணூறு சென்
தமிழ் எண்ணில்: ௧௯௦௫.௯௦