கமராப் பிரியருக்குப் பரிசு: கடைக்குப் போகமுன் லென்ஸின் முகப்பைப் பாருங்கள்

திருகோணமலையில் கமரா வைத்திருப்பவரின் படங்களில் கடல் இல்லாமல் இராது. கோணேசர் கோயில் மலையிலிருந்து கீழே பார்த்தாலும், புறாத்தீவுக்குப் படகில் போனாலும், தண்ணீரின் மேல் வெள்ளை மினுக்கம் படத்தைக் கெடுத்துவிடும். அந்த மினுக்கத்தை வெட்டுவது லென்ஸின் முன்னால் திருகிப் பூட்டும் பொலரைசர் பில்டர் என்ற கண்ணாடி. படம் எடுத்த பிறகு கொம்பியூட்டரில் இதைச் சரிசெய்ய முடியாது. அதனால் முதல் பரிசாக இதைத்தான் சொல்வேன். கமராப் பை வாங்காதீர்கள், அது அவரவர் தோளுக்கும் பழக்கத்துக்கும் ஏற்றது.

படி 1: அளவைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலானோர் பிழை விடுவது இங்கேதான். லென்ஸில் 18-55mm என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து "55 பில்டர் தாங்கோ" என்று கேட்டுவிடுவார்கள். அது எவ்வளவு அகலமாக, எவ்வளவு கிட்டத்தில் காட்டும் என்பதற்கான எண். பில்டர் அளவு வேறு. லென்ஸின் முன்விளிம்பிலோ மூடியின் உட்பக்கத்திலோ ø அடையாளத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அதுதான் தேவை. அவர் கமராவை மேசையில் வைத்திருக்கும் நேரம் பார்த்து, லென்ஸ் முகப்பையும் கமராவின் பெயரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம். தம்பியிடம் நிக்கோன் D3500 இருக்கிறது, அதோடு AF-P 18-55, AF-P DX 70-300 என்று இரண்டு லென்ஸ்கள். முதலாவதற்கு ø55, இரண்டாவதற்கு ø58. இரண்டு பில்டர் வேண்டாம். பெரிய அளவான 58இல் ஒன்றும், அதைச் சின்ன லென்ஸில் பூட்ட உதவும் 55-58 ஸ்டெப்-அப் ரிங் ஒன்றும் போதும். மாறிச் சின்னப் பில்டரைப் பெரிய லென்ஸில் பூட்டினால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். ரிங் போட்டால் அந்த லென்ஸின் முன்னால் வெயில் மறைக்கப் பூட்டும் ஹுட் பொருந்தாமல் போகலாம், அதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

படி 2: கடையிலேயே சோதியுங்கள்

கடைக்காரரின் கல்குலேட்டரை வாங்கி, பில்டரின் முன்பக்கம், அதாவது லென்ஸில் திருகிப் பூட்டும் மரை இல்லாத பக்கம், அதன் திரையை நோக்கி இருக்கப் பிடியுங்கள். பில்டரை மெதுவாகச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் திரை முழுக்கக் கறுத்து எண்கள் மறைய வேண்டும். கறுக்கவே இல்லையென்றால் அது வெறும் நிறக் கண்ணாடி. பின்பக்கத்தால் பார்த்தால் நல்ல பில்டரும் கறுக்காது, ஆகவே பக்கத்தைக் கவனியுங்கள். வளையம் இறுகாமலும் தொளதொளக்காமலும் சுழல வேண்டும். மூன்று பில்டர் ஒரே பெட்டியில் மலிவாக வருவதை விட, நல்லது ஒன்று வாங்குவது மேல்.

கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள்: சூரியன் தோள் பக்கமாக இருக்கும்போதுதான் வானத்தில் இதன் வேலை நன்றாகத் தெரியும். வெளிச்சத்தில் பாதிக்கு மேல் இது குடித்துவிடும், பொழுதுபட்டால் கழற்றிவிட வேண்டும்.

படி 3: இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால்

நம்மூர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். மாரி மாதங்களில் துணிப்பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். டோர்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி நூல்போலத் தெரியும், தொடங்கிவிட்டால் வெளியிலிருந்து துடைத்துப் போக்க முடியாது. மின்சார உலர்பெட்டி நல்ல பரிசு. இல்லாவிட்டால் றப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சிறிய ஈரப்பதமானி. முள் 40க்கும் 50க்கும் இடையில் நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லின் நிறமும் மாறியிருக்கும், கேக் சுடும் அவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கி, ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். அரிசியைப் போடாதீர்கள், தூசு லென்ஸில் ஒட்டும்.

படி 4: லென்ஸே வாங்கிக் கொடுப்பதானால்

பெயர் ஒன்றென்பதற்காகப் பொருந்தும் என்று நம்பக்கூடாது. தம்பியின் D3500இன் உடலில் போகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50mm f/1.8D மலிவாகக் கிடைக்கும், பூட்டவும் செய்யலாம், ஆனால் அதற்குள்ளும் மோட்டார் இல்லாததால் கையாலே போகஸ் பண்ண வேண்டும். AF-S என்று எழுதியிருக்கும் 50mm f/1.8Gக்குள் மோட்டார் இருப்பதால் தானாகவே போகஸ் ஆகும். அதன் முகப்பும் ø58தான், வாங்கிய பொலரைசர் ரிங் இல்லாமலே ஏறும். வீட்டுக்குள் ஆட்களை எடுக்க இடம் போதாது என்பவருக்கு AF-S DX 35mm f/1.8G பொருத்தம். அதற்கு ø52, எனவே 52-58 ரிங் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

பின்சேர்ப்பு: பில்டர் ரிங்கோடு இறுகிக் கழற்ற முடியாமல் போனால் குறடு போடவேண்டாம். அகலமான றப்பர் பாண்டை விளிம்பில் சுற்றி, அமுக்காமல் உள்ளங்கையால் சமமாகத் திருப்புங்கள். இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்தால் வளையம் நெளிந்து இன்னும் இறுகும்.