விநியோக ஒப்பந்தத்தில் 'நியாயமான முயற்சி', 'முழு முயற்சி': பிரித்துப் படிக்கும் முறை

பினாங்கின் பிறையில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒருவர், பட்டர்வொர்த் மசாலா நிறுவனத்திற்கு மாதம் 8,000 பெட்டிகளை 20ஆம் தேதிக்குள் வழங்க 'ரீசனபிள் எஃபர்ட்ஸ்', அதாவது நியாயமான முயற்சி, எடுப்பதாகக் கையெழுத்திட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காகிதச் சுருள்கள் ஏற்றிய கப்பல் தாமதமாகிவிட்டது. கையிருப்பில் 3,000 பெட்டிகளே உள்ளன. அவர் ஒப்பந்தத்தை மீறுகிறாரா?

முதல் படி: முயற்சி என்ற சொல் எந்தக் கடமையோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தேதிக்கு மட்டும் அது பொருந்தி, எண்ணிக்கைக்கு 'வழங்க வேண்டும்' என்று வேறொரு பிரிவு உறுதியாகச் சொன்னால், 8,000 பெட்டிகள் எப்படியும் வந்தாக வேண்டும். தாமதத்திற்கு மட்டுமே சலுகை உண்டு. பலரும் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

இரண்டாம் படி: விளக்கப் பிரிவையும், எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற பிரிவையும் படியுங்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே விளக்கம் இருந்தால் அதுவே முதன்மையானது. இல்லையென்றால், மலேசிய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் வழிகாட்டக்கூடிய இங்கிலாந்து, சிங்கப்பூர்த் தீர்ப்புகள் உதவும்.

மூன்றாம் படி: சிக்கல் எழுந்த நாளில் விற்பவருக்கு எந்தெந்த வழிகள் திறந்திருந்தன என்று எழுதிப் பாருங்கள். இவருக்கு மூன்று இருந்தன: கையிருப்பை உடனே அனுப்பிவிட்டு மீதியைக் கப்பல் வந்ததும் கொடுப்பது, சிலாங்கூர் ஆலையில் 12 விழுக்காடு கூடுதல் விலைக்குக் காகிதம் வாங்குவது, நான்கு மடங்கு செலவில் விமானத்தில் வரவழைப்பது.

2007இல் ரோடியா எதிர் ஹன்ட்ஸ்மன் வழக்கில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் கூறிய கருத்தின்படி, நியாயமான முயற்சிக்கு ஏற்ற வழிகளுள் ஒன்றை எடுத்தாலே போதுமானதாக இருக்கலாம். முழு முயற்சி, அதாவது 'பெஸ்ட் எஃபர்ட்ஸ்', என்றால் நியாயமான எல்லா வழிகளையும் முயல வேண்டும். ஆகவே முதல் வழியை எடுத்து, வாங்குபவருக்கு உடனே தகவல் சொன்னவர் நியாயமான முயற்சியைப் பெரும்பாலும் நிறைவேற்றியிருப்பார். முழு முயற்சி என்று எழுதியிருந்தால் 12 விழுக்காட்டைத் தாங்கிக்கொண்டு சிலாங்கூருக்கும் போயிருக்க வேண்டும் என்று வாங்குபவர் வலுவாக வாதிடலாம். 2012ஆம் ஆண்டு ஜெட்2 எதிர் பிளாக்பூல் விமான நிலைய வழக்கில், நட்டம் ஏற்படும் என்பதாலேயே அந்தக் கடமையிலிருந்து விலக முடியாது என்று தீர்ப்பானது. ஆனாலும் தொழிலையே முடக்கும் விமானச் செலவுவரை அது நீளும் என்று நான் கருதவில்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே 'ஆல் ரீசனபிள்', அதாவது நியாயமான எல்லா முயற்சியும், என்று எழுதுவோரும் உண்டு. அதைச் சாதாரணமாக முழு முயற்சிக்கு ஈடாகவே கொள்ளலாம் என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் கூறியது. நடுநிலையான சொல் என்று நம்பி அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நான்காம் படி: ஆலைகளிடம் விலை கேட்ட மின்னஞ்சல், வாட்ஸ்அப் பதில், மறுத்ததற்கான காரணம் ஆகியவற்றைத் தேதியுடன் சேமித்து வையுங்கள். முயன்றதாக வாயால் சொல்வதை வைத்து வழக்கில் எதையும் நிறுவுவது கடினம்.

இன்னும் கையெழுத்திடாதவர், அந்தச் சொல்லுக்குக் கீழே இப்படி ஒரு வரி சேர்க்கலாம்: 'மூலப்பொருள் தாமதமானால், விற்பவர் இரண்டு வேலை நாள்களுக்குள் அறிவித்து, வழக்கமான விலையைவிட 15 விழுக்காடுவரை கூடுதலாகச் செலுத்தி மாற்று ஆலையில் வாங்குவார், அதற்கு மேற்பட்ட செலவை அவர் ஏற்க வேண்டியதில்லை.'