தேவை தெளிவாக இல்லாதபோது டெஸ்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்தவர்களின் டெஸ்ட் கேஸ்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்ததிலிருந்து, முன்பு நான் செய்த தவறுகளையே வேறொருவர் பெயரில் படித்துக்கொண்டிருக்கிறேன். படிகள் விடுபடுவது, தலைப்பு பொருந்தாமல் இருப்பது போன்றவை நாளடைவில் தாமாகத் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லப் போவதில்லை.

அண்மையில் ஒருவரிடம் கொடுக்கப்பட்ட தேவை ஒரே வரிதான்: “தவறான கடவுச்சொல்லை 3 முறை இட்டால் கணக்கு பூட்டப்பட வேண்டும்.” அன்று மாலைக்குள் 12 டெஸ்ட் கேஸ்கள் வந்து சேர்ந்தன, ஒரு கேள்விகூட வரவில்லை.

எதிர்பார்க்கும் விளைவை மென்பொருளிடமே கேட்டு எழுதுதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். விதி எங்கே என்று தெரியாதபோது, பில்டைத் திறந்து, அது என்ன செய்கிறது என்று பார்த்து, அதையே எதிர்பார்க்கும் விளைவாக எழுதிவிடுகிறோம். அந்த டெஸ்ட் தோற்பதற்கு வழியே இல்லை. டெவலப்பர் செய்த ஊகத்துக்கு நாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

ஏறக்குறைய இதே வரியை நானும் ஒருமுறை சோதித்தேன். மூன்றாவது தவறில் கணக்கு பூட்டியது. இரண்டு தவறுகளுக்குப் பின் சரியான கடவுச்சொல்லை இட்டால் உள்ளே விட்டது. எல்லாம் பச்சை. வெளியிட்டுச் சில வாரங்களில், “ஒரே ஒரு முறைதான் தவறாகத் தட்டினேன், பூட்டிவிட்டது” என்ற புகார்கள் வரத் தொடங்கின. வெற்றிகரமாக நுழைந்த பிறகும் தவறுகளின் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை என்பதும், என்றோ செய்த இரண்டு தவறுகள் கணக்கிலேயே தங்கியிருந்தன என்பதும் அதன் பிறகுதான் தெரிந்தது. என்னுடைய ஒவ்வொரு டெஸ்டும் புத்தம்புதிய கணக்கில் தொடங்கி ஒரே நுழைவோடு முடிந்துவிட்டதால், பழைய தவறுகள் சேரும் நிலை அங்கே உருவாகவே இல்லை. டெவலப்பரிடம் கேட்டேன். “எப்போது பூஜ்யமாக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே” என்றார். அவர் சொன்னது உண்மை. அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்.

டெஸ்ட் எழுதுவதற்கு முன் அந்த ஒற்றை வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் பிடித்து நிறுத்தியிருந்தால் இது வெளிவந்திருக்கும். “3 முறை” என்றால் தொடர்ச்சியாக 3 முறையா, மொத்தமாக 3 முறையா? எவ்வளவு நேரத்துக்குள்? கைப்பேசியில் இரண்டும் கணினியில் ஒன்றும் செய்த தவறுகள் சேருமா? “கணக்கு பூட்டப்பட வேண்டும்” என்றால் எவ்வளவு நேரம், யார் திறப்பது, வேறு கருவியில் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் வெளியேற்றப்படுவாரா?

எழுதியிருப்பதை மட்டும் படித்தல்

எழுதப்படாத விதியைக் காண ஒரு சிறு அட்டவணை போதும். கணக்கு திறந்திருக்கிறதா பூட்டியிருக்கிறதா என்பது ஒரு நிபந்தனை. இட்ட கடவுச்சொல் சரியா தவறா என்பது இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் 4 கட்டங்கள் கிடைக்கும். நமது தேவை, திறந்த கணக்கும் தவறான கடவுச்சொல்லும் சேரும் ஒரு கட்டத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. திறந்த கணக்கில் சரியான கடவுச்சொல் இட்டால் உள்ளே விடும் என்பது வெளிப்படை என்று கடந்துவிடுவோம். ஆனால் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் விதி ஒளிந்திருந்தது அங்கேதான். பூட்டிய கணக்கில் சரியான கடவுச்சொல்லை இட்டால் என்ன செய்தி தோன்ற வேண்டும்? “கணக்கு பூட்டப்பட்டுள்ளது” என்பது சரியான கடவுச்சொல்லுக்கு மட்டும் தோன்றினால், ஊகித்துப் பார்ப்பவனுக்கு விடையைச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். பூட்டிய நிலையில் மீண்டும் தவறாக இட்டால் பூட்டு நேரம் நீளுமா என்பது நான்காவது கட்டம். கடவுச்சொல் மாற்றியமைக்கப்பட்டதா இல்லையா என்ற மூன்றாவது நிபந்தனையைச் சேர்த்தால் கட்டங்கள் 8 ஆகும்; சில கட்டங்கள் நடக்கவே முடியாதவையாக இருக்கலாம், ஆனால் அப்படித்தான் என்பதையும் யாராவது உறுதிசெய்ய வேண்டும்.

“தெளிவுபடுத்தவும்” என்று எழுதி அனுப்புதல்

இதற்கு “ஆவணத்தைப் பாருங்கள்” என்ற பதில்தான் வரும். ஒரு நிகழ்வைச் சொல்லி, இரண்டு விடைகளையும் முன்வைத்துக் கேட்க வேண்டும்: “ஒருவர் திங்களன்று இருமுறை தவறாக இட்டு, மூன்றாம் முறை உள்ளே நுழைந்துவிட்டார். புதனன்று ஒருமுறை தவறாக இடுகிறார். கணக்கு பூட்ட வேண்டுமா, வேண்டாமா?” இதற்கு ஒரு சொல்லில் பதில் எழுதிவிடலாம். கேட்கப்பட்டவர் தயங்கினால், அந்த விதியை யாரும் இன்னும் முடிவுசெய்யவில்லை என்று பொருள்.

பதிலை வாய்மொழியாக விட்டுவிடுதல்

தேவை ஆவணத்தில் ஏறாத பதில், அடுத்த பில்டில் மீண்டும் கேள்வியாகும்.

பதில் வராததால் ஊகத்தை விதியாக எழுதுதல்

ஊகித்து எழுதியே ஆக வேண்டுமென்றால், அந்த டெஸ்ட் கேஸின் தலைப்பிலேயே “ஊகம்” என்று எழுதி, விடை தர வேண்டியவரின் பெயரையும் சேருங்கள். என்னிடம் வந்த அந்த 12 டெஸ்ட் கேஸ்களில் ஊகித்து எழுதியவற்றை இப்படிக் குறித்துத் திருப்பி அனுப்பச் சொன்னேன். 7 கேஸ்களின் தலைப்பில் அந்தச் சொல் ஏறியிருந்தது.