சார்ஜ் ஏறும்போது பதிவில் கேட்கும் ரீங்காரம்: காரணமும் தவிர்க்கும் வழியும்

கைப்பேசியில் காலர் மைக்கைச் செருகி, பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் சார்ஜரையும் இணைத்துப் பதிவு செய்பவர்களுக்கு, பேச்சின் அடியில் "உம்ம்" என்ற ஒலி தொடர்ந்து கேட்பது பழகிய தொல்லை. கைப்பேசியின் உள் மைக்கில் இது அரிது. கம்பியுள்ள மைக்கில்தான், அதுவும் சார்ஜ் கம்பியையும் மைக்கையும் ஒரே துளையில் இணைக்கும் இரட்டை அடாப்டரில்தான், இது மிகுதி. எனவே அந்த அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில், அம்மா சொல்லும் பழைய குடும்பக் கதைகளை மகள் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். பதிவைக் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் குறை தெரியாது; 50 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியை அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது. ஆகவே முதல் வேலை, பதிவை இயர்போனில் கேட்பது.

அடுத்து, ரீங்காரம் சார்ஜரிலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் காற்றின் வழியாகவே மைக்கில் விழக்கூடும். பதிவைத் தொடங்கி, யாரும் பேசாமல் பத்து வினாடி விடுங்கள். பிறகு பதிவை நிறுத்தாமலே சார்ஜ் கம்பியை அடாப்டரிலிருந்து உருவி, இன்னொரு பத்து வினாடி விடுங்கள். அறையில் வேறு எதையும் மாற்றாதீர்கள். கம்பியை உருவிய நொடியில் ஒலி நின்றால் காரணம் சார்ஜர். நிற்காவிட்டால் அறையில் தேடுங்கள். முன்பெல்லாம் கைப்பேசியே எழுப்பிய "டிட்-டிட்" இரைச்சல் 2ஜி அலைகளால் வந்தது. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டுவிட்டதால், அதை இங்கே சந்தேகிக்க வேண்டியதில்லை.

காரணத்தை அறிந்தால் தீர்வு எளிதாகும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜரின் உயர்மின்னழுத்தப் பக்கத்துக்கும் கைப்பேசிப் பக்கத்துக்கும் இடையே, வானொலி அலைக் குறுக்கீட்டைக் குறைப்பதற்காக ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். அதன் வழியே மிகச் சிறிய மின்சாரம் கசிகிறது. உலோக விளிம்புள்ள கைப்பேசியைச் சார்ஜ் ஏறும்போது தடவினால் சிலருக்கு லேசான அதிர்வு தோன்றுவது இதனால்தான். நம் சார்ஜர்களில் மூன்று முள் இருந்தாலும், பலவற்றில் மேல் முள் பிளாஸ்டிக்கால் ஆனது. சுவரிலுள்ள துளையின் தடுப்பைத் திறப்பதற்காகவே அது இருக்கிறது, புவி இணைப்பு அதில் இல்லை. ஆகவே கசியும் மின்சாரம் மைக் கம்பி, பேசுபவரின் உடல் ஆகியவற்றின் வழியே புவியை நாடும்போது, மில்லிவோல்ட் அளவேயான மைக் ஒலியுடன் கலந்துவிடுகிறது. இதற்கு ஓர் அடையாளம் உண்டு: கைப்பேசியின் உலோக விளிம்பைத் தொட்டால் ரீங்காரம் கூடும் அல்லது குறையும்.

இப்போது சார்ஜருக்குப் பதிலாகப் பவர் பேங்கை இணைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். பவர் பேங்கும் சுவரில் செருகப்பட்டிருக்கக் கூடாது என்பது முக்கியம். தாழ்ந்த ரீங்காரம் மறைந்தால் சிக்கல் தீர்ந்தது. மாறாக, மெல்லிய "ஙீ" என்ற உச்ச ஒலி புதிதாக எழுந்தாலோ பழைய ஒலி அப்படியே நீடித்தாலோ, குற்றம் பெரும்பாலும் அடாப்டருடையது. அதில் மைக்கும் சார்ஜ் மின்சாரமும் திரும்பிச் செல்லும் கம்பி ஒன்றாக இருப்பதால், சார்ஜ் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வு மைக்கில் ஒலியாக விழுகிறது. இந்த நிலையில் விலை உயர்ந்த சார்ஜர் வாங்குவது வீண்செலவு என்பேன். சிங்கப்பூரில் விற்கும் சார்ஜரில் காணப்படும் பாதுகாப்பு முத்திரைகூட மின் பாதுகாப்புக்கு உரியதே தவிர, ஒலித் தூய்மைக்கு உத்தரவாதம் அல்ல.

மிக எளிய வழி, சார்ஜைப் பதிவுக்கு முன்பே ஏற்றிவிடுவதுதான். விமானப் பயன்முறையில் திரையை அணைத்து ஒலியை மட்டும் பதிந்தால் பேட்டரி மெதுவாகவே குறையும். ஈசூன் வீட்டு அம்மாவின் ஒரு மணி நேரக் கதைக்குப் பாதி சார்ஜே பொதுவாகப் போதும். அதற்கு மேல் நீண்டால், அவர் தேநீர் அருந்தும் இடைவேளையில் சார்ஜ் ஏற்றலாம்.

கைப்பேசியை மண்டபத்தின் ஒலி மிக்சருடன் கம்பியால் இணைத்துப் பதிபவர்களுக்கும் இதே விதி: சார்ஜரை எடுத்துவிடுங்கள். ரீங்காரத்தை நிறுத்துவதற்காக மிக்சரின் புவி முள்ளை உடைப்பதோ ஒட்டுநாடாவால் மறைப்பதோ கூடவே கூடாது. பழுது நேர்ந்தால் மின்சாரம் உடலில் பாயும்.

ரீங்காரம் ஏற்கெனவே பதிவில் ஏறிவிட்டால், 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டினால் போதாது. அதன் மடங்குகளான 100, 150, 200 ஹெர்ட்ஸிலும் ஒலி இருக்கும். மனிதக் குரலும் அங்கேதான் இருக்கிறது. Audacity மென்பொருளில், யாரும் பேசாத சில வினாடிகளைத் தேர்ந்தெடுத்து Noise Reduction பகுதியில் Get Noise Profile என்பதை அழுத்துங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே கருவியை மிதமாகச் செலுத்துங்கள். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அப்படிக் கேட்டால் அளவைக் குறைத்து, சற்று ரீங்காரம் மிஞ்சினாலும் விட்டுவிடுவது நல்லது.